வலி வர விளக்கெண்ணெய் குடிக்கலாமா?

*டாக்டர், எனக்கு 39 வாரம் முடிந்து நான்கு நாள் ஆகிறது. இது இரண்டாவது பிரசவம். மூத்தவன் சிசேரியனில் பிறந்தான், அவனுக்கு இப்போது மூன்றரை வயது. இந்த முறை சுகப்பிரசவத்துக்கு முயற்சி பண்ணலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் திங்கட்கிழமை வரை வலி வரவில்லை என்றால் வந்து பேசுங்கள் என்கிறார். மறுபடியும் ஆபரேஷன் என்றுதான் முடியுமோ என்று பயமாக இருக்கிறது. அம்மா, "ரெண்டு கரண்டி விளக்கெண்ணெயைச் சூடான பாலில் ஊற்றிக் குடி, வயிறு கழிஞ்சா வலி தன்னால வந்திடும்" என்கிறார். என் அக்காவுக்கு அப்படிக் கொடுத்து அன்று இரவே குழந்தை பிறந்தது. எனக்கு இரும்புச்சத்து மாத்திரையால் மலச்சிக்கல் வேறு, நான்கு நாளைக்கு ஒருமுறைதான் போகிறது. வலிக்கு இல்லாவிட்டாலும் மலச்சிக்கலுக்காகவாவது கொஞ்சம் குடிக்கலாமா?*

*ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்*

குடிக்க வேண்டாம். இரண்டு கரண்டி மட்டுமல்ல, ஒரு தேக்கரண்டியும் வேண்டாம். மலச்சிக்கலுக்காக என்றாலும் வேண்டாம். முதல் பிரசவத்துக்குக் காத்திருக்கும் ஒருவர் இதைக் கேட்டிருந்தால் என் பதில் இன்னும் கொஞ்சம் நிதானமாக இருந்திருக்கும். உங்கள் கர்ப்பப்பையில் ஏற்கெனவே ஒரு தையல் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன். காரணங்களை விரிவாக எழுதுகிறேன், அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

அம்மா சொல்வது வெறும் நம்பிக்கை இல்லை. விளக்கெண்ணெய்க்கும் கர்ப்பப்பைக்கும் சம்பந்தம் உண்டு. சென்ற நூற்றாண்டில் மேலை நாட்டு மருத்துவமனைகளிலேயே விளக்கெண்ணெய், வெந்நீர்க் குளியல், எனிமா மூன்றையும் சேர்த்துக் கொடுத்துப் பிரசவ வலியை வரவழைக்கப் பார்த்தார்கள். பாட்டிகள் மட்டும் செய்த வேலை என்று நினைத்துவிட வேண்டாம். வெள்ளைக் கோட்டுப் போட்டவர்களும் செய்ததுதான்.

ஆனால் "வயிறு கழிந்தால் வலி தன்னால் வரும்" என்ற விளக்கம் முழுவதும் சரியில்லை. குடல் புரண்டு புரண்டு பக்கத்தில் இருக்கும் கர்ப்பப்பையையும் கிளப்பிவிடுகிறது என்றுதான் வெகுகாலம் மருத்துவர்களும் நினைத்தார்கள். 2012-இல் ஜெர்மனியில் சுண்டெலிகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு இதைத் தெளிவாக்கியது. விளக்கெண்ணெயில் இருக்கும் கொழுப்பு அமிலங்களில் ஏறக்குறைய 90 சதவீதம் ரிசினோலிக் அமிலம். எண்ணெய் சிறுகுடலுக்குப் போனதும் செரிமான நொதி அதை உடைத்து இந்த அமிலத்தை வெளியே விடுகிறது. குடல் தசையில் ஈபி3 என்றொரு ஏற்பி இருக்கிறது. உடம்பு தானே சுரக்கும் புரோஸ்டகிளாண்டின் வந்து ஒட்டிக்கொள்கிற இடம் அது. ரிசினோலிக் அமிலம் அந்த ஏற்பியைத் தூண்டுகிறது, குடல் இறுகுகிறது, பேதியாகிறது. அதே ஏற்பி கர்ப்பப்பைத் தசையிலும் இருக்கிறது. அங்கேயும் அதே அமிலம் அதே வேலையைச் செய்கிறது. அந்த ஏற்பி இல்லாதபடி வளர்க்கப்பட்ட எலிகளுக்கு எண்ணெய் கொடுத்தபோது பேதியும் ஆகவில்லை, கர்ப்பப்பையும் இறுகவில்லை.

உங்கள் கேள்வியின் இரண்டு பாதிக்கும் பதில் இதில் இருக்கிறது. குடலுக்கு ஒன்று, கர்ப்பப்பைக்கு ஒன்று என்று இந்த எண்ணெயில் தனித்தனி மருந்து கிடையாது. மலச்சிக்கலுக்காகக் குடித்தாலும் கர்ப்பப்பைக்கும் சேர்த்துத்தான் குடிக்கிறீர்கள். உங்கள் எண்ணத்தைப் பார்த்து அது ஒரு பக்கம் மட்டும் வேலை செய்யாது.

அக்காவின் கதைக்கு வருகிறேன். ஏனென்றால் குடும்பங்களில் இந்த எண்ணெயை ஓடவைப்பது இப்படிப்பட்ட கதைகள்தான். நியூயார்க்கில் 2000-ஆம் ஆண்டு வெளியான ஒரு சிறிய ஆய்வில், 40 வாரம் தாண்டிய 100 பெண்கள் இருந்தார்கள். 52 பேருக்கு 60 மில்லி விளக்கெண்ணெயைப் பழச்சாற்றில் கலந்து கொடுத்தார்கள். அவர்களில் 30 பேருக்கு 24 மணி நேரத்துக்குள் பிரசவ வலி பிடித்தது. எண்ணெய் குடிக்காத 48 பேரில் இரண்டு பேருக்குத்தான் வலி வந்தது. இதைப் படித்தால் யாருக்கும் நம்பிக்கை வந்துவிடும். ஆனால் எண்ணெய் குடித்தது யார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும், எண்ணிக்கையும் குறைவு. அப்புறம், 40 வாரம் தாண்டிய 48 பேரில் ஒரு நாளில் இரண்டே பேருக்கு வலி வந்தது என்பது எனக்குக் கொஞ்சம் குறைவாகவே படுகிறது. ஒரு பக்கம் குறைந்தால் இன்னொரு பக்கம் தானே பெரிதாகத் தெரியும்.

தாய்லாந்து, பர்மா எல்லையில் இருக்கும் மருத்துவ மையங்களிலிருந்து 2009-இல் வந்த ஆய்வு இதைவிடப் பெரியது. 40 வாரம் தாண்டிய 612 பெண்கள். 205 பேர் விளக்கெண்ணெய் குடித்தவர்கள், 407 பேர் குடிக்காதவர்கள். பிரசவம் ஆக எடுத்துக்கொண்ட காலத்தில் இரு தரப்புக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. தாய்க்கோ குழந்தைக்கோ தனியாகக் கெடுதல் வந்ததாகவும் அவர்கள் பார்க்கவில்லை. இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். "குடித்தால் செத்துப்போவாய்" என்று பயமுறுத்தினால், குடித்துவிட்டு நன்றாக இருக்கும் பத்துப் பேரை அம்மா உடனே காட்டிவிடுவார், அப்புறம் நான் சொல்கிற எதுவும் எடுபடாது.

உங்கள் அக்கா எத்தனையாவது வாரத்தில் குடித்தார் என்று கேட்டுப் பாருங்கள். எண்ணெய் யாருக்கும் ஆறாம் மாதத்தில் கொடுக்கப்படுவதில்லை. தேதி நெருங்கி, எல்லோரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் கொடுக்கிறார்கள். அந்த வாரத்தில் கஞ்சி குடித்தாலும் கோயிலுக்கு நடந்தாலும் சிலருக்கு அன்று இரவே வலி வரத்தான் செய்யும். குடித்தும் வலி வராமல், இரவெல்லாம் கழிவறைக்கு நடந்து களைத்துப்போனவர்களின் கதையை யாரும் அடுத்த கர்ப்பிணிக்குச் சொல்வதில்லை. இன்னொன்று, உங்கள் அக்காவுக்கு அதற்கு முன் சிசேரியன் ஆகியிருந்ததாக நீங்கள் எழுதவில்லை.

இப்போது தையலைப் பற்றி. பெரும்பாலான சிசேரியன்களில் கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்கே வெட்டித் தைக்கிறார்கள். மூன்றரை வருடத்தில் அது நன்றாகவே ஆறியிருக்கும், ஆனாலும் சுற்றியுள்ள தசையைப்போல நெகிழாத ஒரு தழும்பு அது. வலி தானாக வந்து, ஒரு குறுக்குத் தையல் மட்டுமே உள்ள ஒரு பெண் சுகப்பிரசவத்துக்கு முயலும்போது, அந்தத் தழும்பு விட்டுப்போகும் வாய்ப்பு ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்கு. மருந்து கொடுத்து வலியை வரவழைத்தால் அது இரண்டு மூன்று மடங்காகலாம். தழும்பு பிரிந்தால் தாய்க்கு உள்ளே ரத்தம் போகும், குழந்தைக்கு ஆக்ஸிஜன் தடைப்படும். கையில் இருப்பது சில நிமிடங்கள்தான். அதனால்தான் பழைய சிசேரியன் உள்ளவர்களை ஆபரேஷன் தியேட்டரும் ரத்தமும் தயாராக இருக்கிற இடத்தில் மட்டும், குழந்தையின் இதயத் துடிப்பைத் தொடர்ந்து பார்த்தபடி, பிரசவத்துக்கு விடுகிறோம்.

தழும்பு உள்ளவர்களுக்கு வலி வரவழைக்க நாங்கள் தவிர்க்கும் மருந்து ஒன்று உண்டு. மிசோப்ரோஸ்டால் மாத்திரை. மற்றவர்களுக்கு வலி வரவழைக்க அதை 25 மைக்ரோகிராம் அளவில் கொடுக்கிறோம், ஒரு கிராமை நாற்பதாயிரம் பங்காகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு துளி. அதையே உங்களுக்குத் தரமாட்டோம். அந்த மாத்திரை புரோஸ்டகிளாண்டின் வகையைச் சேர்ந்தது. விளக்கெண்ணெயும் புரோஸ்டகிளாண்டினின் ஏற்பியைத்தான் தூண்டுகிறது என்று மேலே சொன்னேன். அதாவது மருத்துவமனையில் எந்த வழியை உங்களுக்கு மூடி வைத்திருக்கிறார்களோ, அதே வழியை வீட்டுச் சமையலறையில் கரண்டிக் கணக்கில் திறந்துவிடப் பார்க்கிறீர்கள்.

அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவம் 2003-இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. 39 வாரக் கர்ப்பிணி, முன்பு ஒரு சிசேரியன் ஆனவர், ஏறக்குறைய உங்கள் நிலைதான். அவர் குடித்தது 5 மில்லி விளக்கெண்ணெய், ஒரு தேக்கரண்டி. முக்கால் மணி நேரத்தில் வயிற்றில் கடும் வலி, பனிக்குடமும் உடைந்தது. மருத்துவமனையில் குழந்தையின் இதயத் துடிப்பு திரும்பத் திரும்ப இறங்குவதைப் பார்த்து அவசரமாக ஆபரேஷன் செய்தார்கள். வயிற்றைத் திறந்தபோது பழைய தழும்பு விட்டிருந்தது, தொப்புள்கொடியின் ஒரு பகுதி அந்தப் பிளவு வழியாக வெளியே வந்திருந்தது. இந்த ஒரு சம்பவத்தை வைத்து எண்ணெய்தான் கிழித்தது என்று நான் தீர்ப்பு எழுதமாட்டேன். எண்ணெயே குடிக்காதவர்களுக்கும் தழும்பு விடுவதுண்டு. பேதிக்கே பொதுவாக இரண்டு முதல் ஆறு மணி நேரம் எடுக்கும் எண்ணெய் முக்கால் மணியில் இவ்வளவும் செய்யுமா என்ற கேள்வியும் இருக்கிறது. ஆனாலும், "ஒரு கரண்டிதானே, என்ன ஆகிவிடும்" என்று உங்களுக்கு என்னால் சொல்ல முடியாததற்கு இந்தப் பதிவும் ஒரு காரணம்.

தழும்பு இல்லாதவர்களுக்கும் இந்த எண்ணெயில் எனக்கு ஒரு பெரிய குறை உண்டு. நிறுத்த முடியாது. ட்ரிப்ஸில் ஆக்ஸிடோசின் போகும்போது கர்ப்பப்பை அளவுக்கு மீறி இறுகினால், நர்ஸ் அந்த ட்ரிப்ஸை மூடிவிடுவார். அந்த மருந்தின் வீரியம் சில நிமிடங்களிலேயே பாதியாகக் குறைந்துவிடும். குடித்த எண்ணெயை எப்படித் திரும்ப எடுப்பது? அது குடலில் இருக்கும்வரை தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். பத்து நிமிடத்தில் ஐந்து முறைக்கு மேல் கர்ப்பப்பை இறுகத் தொடங்கினால், ஒரு இறுக்கத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் குழந்தைக்கு ரத்தம் போய்ச்சேர நேரம் போதாது. வீட்டில் அதை எண்ண ஆளும் இல்லை, குழந்தையின் துடிப்பைக் கேட்கக் கருவியும் இல்லை.

இனி அன்றாடம் நடப்பது. விளக்கெண்ணெயைப் பற்றிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2013-ஆம் ஆண்டுத் தொகுப்பு ஒன்றில் எல்லோரிடமும் மாறாமல் இருந்தது ஒன்றே ஒன்றுதான், குடித்த அத்தனை பெண்களுக்கும் குமட்டல். சிசேரியன் குறைந்ததா என்றால் அதுவும் இல்லை. குமட்டலோடு வாந்தி, ஏழெட்டு முறை பேதி, வயிற்றை முறுக்கும் வலி. உடம்பில் நீர் வற்றும், பொட்டாசியம் குறையும். முக்கியமாக, தூக்கம் போய்விடும். மறுநாள் உண்மையான வலி வரும்போது முக்குவதற்குத் தெம்பு இருக்காது. நீர் வற்றிய தாயின் நாடி வேகமாக ஓடும், கூடவே குழந்தையின் துடிப்பும் ஏறும். அதைப் பார்க்கிற மருத்துவர் கவலைப்பட்டு ஆபரேஷனுக்குப் போகவும் கூடும். எதைத் தவிர்க்கக் குடித்தீர்களோ அதற்கே அது வழி வகுக்கலாம்.

இன்னொரு குழப்பமும் வரும். சூட்டு வலி, குடல் முறுக்கு, பிரசவ வலி மூன்றும் சேர்ந்துகொண்டால் எது எது என்று அனுபவசாலிகளுக்கே பிடிபடாது. சாதாரணமாக ஒரு கையை வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பிரசவ வலியில் வயிறு முழுவதும் நெற்றியைப்போல இறுகி, ஒரு நிமிடத்தில் தளரும். இடைவெளி குறைந்துகொண்டே வரும், இடுப்பிலிருந்து முன்னால் பரவும். குடல் வலி மலம் போனதும் அடங்கும். எண்ணெய் குடித்தவருக்கு இந்த அடையாளம் எல்லாம் கலங்கிவிடும். "பேதி வலிதான்" என்று நினைத்து வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் தழும்பின் வலியைத் தவறவிடலாம்.

எண்ணெய்ப் புட்டியையும் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். நம் கடைகளில் விளக்கெண்ணெய் என்று விற்பதில் பாதி விளக்கேற்றவே செய்தது. தீப எண்ணெய் என்ற பெயரில் வருபவை பல எண்ணெய்களின் கலவை, வாசனையும் சேர்த்திருப்பார்கள். அதை வயிற்றுக்குள் விடுவது பற்றிப் பேச்சே வேண்டாம். ஆமணக்குக் கொட்டையில் ரிசின் என்ற கொடிய விஷம் இருப்பது உண்மை, ஆனால் அது எண்ணெயில் கரையாது, பிண்ணாக்கோடு தங்கிவிடும். கொட்டையை வறுத்து இடித்துத் தண்ணீரில் கொதிக்கவைத்து எண்ணெய் எடுக்கும் நம் ஊர்ப் பழைய முறையில் அந்தச் சூட்டிலேயே விஷம் முறிந்துவிடும். எனவே எண்ணெயைப் பற்றி நான் பயப்படுவது ரிசினுக்காக இல்லை. கொட்டையை மட்டும் யாரும் வாயில் போட்டுவிடக் கூடாது, குறிப்பாக உங்கள் மூத்தவன்.

சரி, இந்தப் பதில் உங்கள் கைக்கு வருவதற்குள் குடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இன்னொரு டோஸ் வேண்டாம். வலி வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். உங்களுக்குத் தழும்பு இருப்பதால் நேராகப் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வண்டி இல்லையென்றால் 108. வாந்தி இல்லாவிட்டால் வழியில் ஓஆர்எஸ் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். அங்கே போனதும் முதல் வார்த்தையாக எத்தனை மணிக்கு, எத்தனை கரண்டி குடித்தீர்கள் என்று சொல்லுங்கள். நர்ஸம்மா திட்டுவார் என்று பயந்து நிறையப் பேர் இதை மறைக்கிறார்கள். தெரியாமல் நாங்கள் அதன்மேல் ஆக்ஸிடோசினையும் ஏற்றினால், இரண்டும் சேர்ந்து கர்ப்பப்பையை இறுக்கும். திட்டு வாங்கினால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், சொல்லிவிடுங்கள்.

எண்ணெய் குடித்திருந்தாலும் இல்லாவிட்டாலும், தழும்பு உள்ள ஒருவர் உடனே கிளம்ப வேண்டிய நேரங்கள் இவை. வயிறு தளர்ந்த பிறகும் விடாமல் வலிப்பது, அதுவும் பழைய வெட்டுக்கு மேலே. பிறப்புறுப்பில் ரத்தம். தோள்பட்டையில் திடீர் வலி, கண் இருட்டுதல். நன்றாக வந்துகொண்டிருந்த வலி சட்டென்று நின்றுபோவது. குழந்தை அசைவு குறைவது. பனிக்குட நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ வருவது, அதாவது குழந்தை உள்ளேயே மலம் கழித்துவிட்டது என்று அர்த்தம். விளக்கெண்ணெய் குடித்தவர்களுக்கு இது அதிகம் என்று தென்னாப்பிரிக்க ஆய்வு ஒன்று சொன்னது, வேறு ஆய்வுகளில் அப்படித் தெரியவில்லை. யாருக்கு வந்தாலும் உடனே பார்க்கவேண்டியதுதான்.

மலச்சிக்கலை இதோடு சேர்க்காமல் தனியாகவே தீர்த்துவிடலாம். கர்ப்பத்தில் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் குடலை மெதுவாக்குகிறது, பெரிதான கர்ப்பப்பை மலக்குடலை அமுக்குகிறது, அதற்குமேல் இரும்பும் கால்சியமும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. மலம் கறுத்துப் போவது அதனால்தான், பயப்பட வேண்டியதில்லை. மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், பிரசவத்தில் ரத்தம் போகும்போது அந்த இரும்புதான் கைகொடுக்கும். இரும்பையும் கால்சியத்தையும் ஒரே நேரத்தில் போடாமல் ஒன்று காலை, ஒன்று மாலை என்று பிரித்துக்கொள்ளுங்கள். ரொம்பவும் கட்டினால் வேறு வகை இரும்பு மாத்திரைக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

இரவு இசப்கோல் ஒரு மேசைக்கரண்டியை ஒரு முழு டம்ளர் தண்ணீரில் போட்டு, கெட்டியாவதற்குள் குடித்து, மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். தண்ணீர் குறைந்தால் அதுவே அடைத்துக்கொள்ளும். இரும்பு மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். போதவில்லை என்றால் உங்கள் மருத்துவரைக் கேட்டு லாக்டுலோஸ் சிரப், 15 மில்லி. அது குடலுக்குள் நீரை இழுத்து மலத்தை இளக்கும், ரத்தத்தில் ஏறுவது மிகமிகக் குறைவு, கர்ப்பப்பையைத் தொடாது. பலன் தெரிய ஒன்று, இரண்டு நாள் ஆகும், குடித்த அன்றே போகவில்லை என்று அளவை ஏற்றாதீர்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலடியில் ஒரு சிறு பலகை போட்டு முழங்காலை உயர்த்தி உட்காருங்கள். வாழைத்தண்டு, கொய்யா, ஊறவைத்த உலர்திராட்சை எல்லாம் நல்லது, ஆனால் நான்கு நாள் கட்டியதை அவை ஒரே நாளில் இளக்கிவிடாது.

உங்கள் வீட்டுப் பெரியவர்களில் யாராவது கட்டும்போதெல்லாம் விளக்கெண்ணெய் எடுக்கிறவராக இருந்தால் அவருக்கும் ஒரு வார்த்தை. கர்ப்பம் இல்லாத பெரியவர்களுக்கு எப்போதாவது ஒரு முறை 15 மில்லி என்பது மருந்துக் கணக்கில் அடங்குகிற அளவுதான். வாரா வாரம் என்றால் குடல் தானாக இயங்க மறந்துவிடும், உடம்பில் பொட்டாசியம் குறையும். ரத்த அழுத்தத்துக்கு நீர் போகும் மாத்திரை எடுப்பவருக்கு அது இதயத் துடிப்பையே தடுமாற வைக்கலாம். காரணம் தெரியாத வயிற்று வலியோடும் வாந்தியோடும் இருப்பவருக்குக் கொடுக்கவே கூடாது. அது குடலடைப்பாகவோ குடல்வால் அழற்சியாகவோ இருக்கலாம். அப்புறம், குழந்தை பிறந்தபின் குளிப்பாட்டும் அன்று சங்கில் எண்ணெய் ஊற்ற யாராவது வருவார்கள். விடாதீர்கள். அழும் குழந்தையின் வாயில் ஊற்றும் எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலில் தங்கிவிடும், எண்ணெய் நிமோனியா என்று அதற்குப் பெயரே இருக்கிறது. எண்ணெய்க்கு இருமல் சரியாக வராது என்பதால் உள்ளே போனது வெளியே தெரியவும் தெரியாது.

திங்கட்கிழமைக்கு வருவோம். உங்கள் உண்மையான பயம் இரண்டாவது ஆபரேஷன். அதற்கு எண்ணெயைவிட உதவக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. முதல் பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள். வெட்டு கீழே குறுக்காகப் போட்டதா, எதற்காகச் சிசேரியன் செய்தார்கள் என்ற இரண்டும் அதில் இருக்கும். குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் இருந்ததால் செய்திருந்தால், இந்த முறை தலை கீழே இருக்கும்போது வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. இடுப்பு வழி போதாமல் வலி வந்தும் நின்றுபோனது என்றால் கொஞ்சம் குறைவு. மொத்தத்தில் பார்த்தால் ஒரு சிசேரியனுக்குப் பின் முறையாகத் திட்டமிட்டு முயல்பவர்களில் நான்கில் மூன்று பேருக்கு அருகில் சுகப்பிரசவம் ஆகிறது. இரண்டு பிரசவத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியும் உங்களுக்குச் சாதகம்தான்.

உங்கள் மருத்துவரிடம் சில கேள்விகளை நேராகக் கேளுங்கள். தாயும் குழந்தையும் நன்றாக இருந்தால், 41 வாரம் வரை கண்காணித்தபடி காத்திருக்கலாமா? 40 வாரம் என்பது ஒரு கணக்கு, அந்தத் தேதியில் பிறக்கிற குழந்தைகள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவுதான். உள்பரிசோதனை செய்யும்போது விரலால் பனிக்குடச் சவ்வைக் கர்ப்பப்பை வாயிலிருந்து சற்றுத் தளர்த்திவிட முடியுமா? கொஞ்சம் வலிக்கும், ஆனால் தழும்பு உள்ளவர்களுக்கும் செய்யலாம், உடம்பு தானே வலியைத் தொடங்க அது உதவுகிறது. அதுவும் போதவில்லை என்றால் கர்ப்பப்பை வாயில் ஃபோலி குழாயின் பலூனை வைத்து மெதுவாகத் திறக்கலாம். மருந்தில்லாத வழி அது, வேண்டாமென்றால் உடனே எடுத்துவிடலாம். அந்த ஆஸ்பத்திரியில் இரவிலும் மயக்க மருந்து நிபுணரும் ரத்தமும் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் முயற்சியை மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ வைத்துக்கொள்வது நல்லது, அந்த மாற்றத்தை வலி வருவதற்கு முன்பே செய்துவிடுங்கள். முடிந்தால் அம்மாவையும் கூட அழைத்துப் போங்கள்.